புதுப்பிப்பு: பேங்க் கணக்கில் இடித்த 1,509 ரூபாய்

போன வாரம் கேட்டது: "மார்ச் 31 அன்று பேரேட்டில் பேங்க் இருப்பு ஸ்டேட்மென்டைவிட 1,509 ரூபாய் கூட இருக்கு, எங்கே தேடுவது?"

கிடைத்துவிட்டது. கார்டு மெஷின் பணம் தாமதமாக வரும் என்று தம்பி ஒருவர் சொன்னது பாதி சரி, 31ஆம் தேதி விற்ற 1,000 ரூபாய் ஏப்ரல் 2இல்தான் வரவாகியிருக்கிறது, அதைத் திருத்தவில்லை, அடுத்த மாதம் டிக் போட வேண்டியதுதான்.

வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார், மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்றார் கணக்கர் அண்ணன். 1,509 வகுபடவில்லை, அதனால் விட்டுவிட்டேன், தப்பு அங்கேதான். கார்டு 1,000, பேங்க் பிடித்த 59 இரண்டையும் கழித்தால் மீதி 450, அது அழகாக வகுபடுகிறது! செலான்களை எடுத்துப் பார்த்தால் 5,270 கட்டிய நாளில் பேரேட்டில் 5,720 என்று எழுதியிருக்கிறேன். அன்றைய கல்லாச் சீட்டிலும் 5,270தான்.



அந்த 59ஐச் செலவில் எழுதிவிட்டேன். ஏன் பிடித்தார்கள் என்றுதான் இன்னும் தெரியவில்லை, கிளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.