மூன்று மகன்மாருக்கு ஒரு கிணறு: மரணசாதனத்தில் எப்படி எழுதுவது?

ஒட்டுசுட்டான் தம்பி: ஐயாவிடம் 3 ஏக்கர் மேட்டுக்காணி. மூன்று மகன்மாருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர் எழுதப்போகிறார். கிணறு எனக்கு வரும் நடுத்துண்டில் நிற்கிறது. "கிணறு மூவருக்கும் பொது" என்று ஒரு வரி போட்டால் போதுமா?

முறிகண்டி: போதும். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைத்தால் செல்லும். அண்ணன் தம்பிக்குள் ஏன் பெரிய எழுத்து?

புளியங்குளம் அக்கா: எங்கள் ஐயாவும் அதே வரியைத்தான் எழுதினார். கிணறு பொதுதான், ஆனால் அதற்குப் போகும் பாதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிணறு நின்ற துண்டுக்காரத் தம்பி வேலி அடைத்தான். அந்த ஆவணியில் என் மிளகாய் கன்றோடு கருகியது. மத்தியஸ்த சபைக்குப் போயும் இன்னும் முடியவில்லை.

சங்கிலிக்காரர்: நான் காணி அளந்து வயதானவன். தம்பி, மூன்று ஏக்கரும் உறுதிக்காணியா, பெர்மிட்டா?

ஒட்டுசுட்டான் தம்பி: 2 ஏக்கர் உறுதி. கடைசித் தம்பியின் ஒரு ஏக்கர் அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி.

சங்கிலிக்காரர்: அப்போ அந்த ஒரு ஏக்கருக்கு மரணசாதனம் செல்லாது. ஐயா உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் கடைசித் தம்பியைப் பின்னுரித்தாளராகப் பதிய வேண்டும். கிணறு உறுதிக்காணியில் நிற்பதால் அவருக்குக் கிணற்றுப் பங்கை எழுதலாம். கிணற்றடியில் மோட்டர் வைக்கவும் ஆள் நிற்கவும் இடம் விட்டு, 4 பேர்ச்சஸ் அளவில் தனித்துண்டாகப் பிளானில் வெட்டுங்கள். அதில் மூவருக்கும் ஆளுக்குப் பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கு. அக்கா சொன்ன பாதையும் தண்ணீர் போகும் வாய்க்காலும் அதே பிளானில் கோடாக வர வேண்டும். மரணசாதனத்தில் பிளான் இலக்கம் போட வேண்டும்.

முறிகண்டி: சரி, பாதையை ஒத்துக்கொள்கிறேன். இறைப்பு முறையையும் எழுதுங்கள்: ஆளுக்கு நாலு மணித்தியாலம்.

சங்கிலிக்காரர்: மாரியில் சரி வரும். ஆடி ஆவணியில் மோட்டர் இரண்டு மணித்தியாலத்தில் கிணற்றை வற்ற வைத்தால், ஒரே நாளில் முதல் ஆளுக்குத் தண்ணீர், மூன்றாம் ஆளுக்குச் சேறு. கோடையில் ஒரு தரம் வற்ற இறைத்து, திரும்ப ஊற எவ்வளவு நேரம் என்று பாருங்கள். விடியத்தான் நிரம்பும் என்றால் ஆளுக்கு ஒரு நாள் என்பதுதான் முறை. அதை மரணசாதனத்தில் போடாதீர்கள். நாளைக்குக் கிணற்றை ஆழமாக்கினால் கணக்கு மாறிவிடும். மூவரும் தனியாக எழுதிக் கையெழுத்திடலாம்.

முறிகண்டி: அங்கேதான் நான் ஒத்துப்போக மாட்டேன். ஐயாவின் எழுத்தில் இல்லாத முறையை மூத்தவர் மதிக்க மாட்டார்.

புளியங்குளம் அக்கா: தம்பி, அம்மா இருக்கிறாவா? உறுதிக்காணி கலியாணத்துக்குப் பிறகு வாங்கியதா? தேசவழமைப்படி அது தேடியதேட்டம். பாதி அம்மாவுடையது, ஐயா தன் பாதியைத்தான் எழுதலாம்.

ஒட்டுசுட்டான் தம்பி: அம்மா இருக்கிறா. காணி கலியாணத்துக்குப் பிறகு வாங்கியதுதான். இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. உறுதியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஐயாவும் அம்மாவும் நொத்தாரிசிடம் போகட்டும்.