போன் எல்லார் கையிலும் புழங்கும் வீட்டில் கொஞ்சிப் பேசுவது: உங்கள் அனுபவம்?

மாடிவீட்டுப்பெண்: வயது 26, வேலைக்குப் போகிறேன். என் போனை அம்மா, சித்தி, தங்கை என யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், அதைத் திறக்கும் பின் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். நான் காதலிப்பவரைப் பற்றி வீட்டில் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை வறட்டுத்தனமாக 'ம்', 'சரி' என்றே அனுப்ப மனசு வரவில்லை. நீங்களெல்லாம் எப்படிப் பேசினீர்கள்?

தரமணி ஹாஸ்டல்: மறையும் மெசேஜை 24 மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள், முடிந்தது கதை.

பழைய காதலன்: அது பாதிதான் காப்பாற்றும். மெசேஜ் வந்ததுமே பூட்டிய திரையில் முதல் வரி தெரிந்துவிடுமே. சாட்டைத் திறந்தால் அந்த வசதி போட்டிருப்பதும் தெரியும். வாட்ஸப்பில் சாட்டைப் பூட்டி, அதற்குத் தனி ரகசியக் குறியீடு வைத்து, பூட்டிய சாட்டை மறைத்தும் விட்டால் அறிவிப்பில் பெயரும் வராது, வரியும் வராது. வீட்டாருக்குத் தெரிந்த அந்தப் பின் நம்பரை வைத்தும் திறக்க முடியாது.

ஆனால் பூட்டை விட வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. அம்மா படித்து "இது என்ன?" என்று கேட்டால் பொய் சொல்லாமல் பதில் சொல்ல முடிகிற வரியாகப் பார்த்து எழுதுவோம். மயிலாப்பூரில் காபி குடித்துவிட்டு வந்த மறுநாள் அவள், "நேத்து குடிச்ச காபி இன்னும் நாக்குலயே இருக்கு" என்று அனுப்பினாள். நான், "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனா பழகிட்டா விட முடியாது" என்றேன். படிக்கிறவர்களுக்கு அது வெறும் காபி. யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தினம் ஒரே சங்கேதச் சொல்லைப் போட்டால் யாராவது கவனித்துவிடுவார்கள். அன்றன்று நடந்ததிலிருந்தே எடுங்கள். இதய எமோஜி மட்டும் வேண்டவே வேண்டாம்.

சேலம் அக்கா: கணவர் போனில் யாரோ இப்படித்தான் காபி, சர்க்கரை என்று அனுப்புகிறார்கள். நான் என்ன செய்வது?

பழைய காதலன்: அக்கா, இங்கே கேட்டது கல்யாணமாகாதவர்களின் விஷயம். உங்களுடையதை அவரிடமே நேராகக் கேளுங்கள்.

அறைத்தோழி: யார் கையில் போன் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும் முக்கியம். என் அறையில் இன்னும் மூன்று பேர், அறிவிப்பு வந்தால் சத்தமாகவே படிப்பார்கள். அதனால் என் காதலர் முதலில் "சாப்டாச்சா?" என்று மட்டும் கேட்பார். "ஆச்சு" என்றால் நான் தனியாக இருக்கிறேன். "இப்பத்தான் உக்காந்தோம்" என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது, அதற்குமேல் ஒன்றும் அனுப்ப மாட்டார். இதை நேரில் பேசி வைத்துக்கொண்டோம், எங்கும் எழுதவில்லை.

தரமணி ஹாஸ்டல்: அவர் பெயரை 'சுமதி ஆபீஸ்' என்று மாற்றிப் பதிந்துகொள்ளலாமே?

அறைத்தோழி: ராத்திரி பதினொரு மணிக்கு ஆபீஸ் சுமதி கூப்பிட்டால்? வீட்டில் எடுத்துப் பேசினால் ஆண் குரல் கேட்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பழைய காதலன்: நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம், பிரச்சினை வரவில்லை. வீட்டுக்கு வீடு மாறும்.

மாடிவீட்டுப்பெண்: சாப்பாட்டுக் கேள்வியை இன்றே அவரிடம் நேரில் பேசிவிடுகிறேன். ஆனால் தங்கை என் போனில் கேம் விளையாடும்போது அவர் அழைப்பு வந்தால்?