கோப்பின் பெயரை மாற்றினால் எழுத்துரு மாறிவிடுமா?

தச்சநல்லூர் டிசைனர்:
என்னிடம் 6,000 எழுத்துருக்களுக்கு மேல் இருக்கின்றன. ஒரே எழுத்துரு இரண்டு முறை வந்துவிட்டால், ஒன்றின் கோப்புப் பெயரில் `_old` என்று சேர்த்துவிடுவேன். அதன் பிறகு மோதல் என்பதே கிடையாது. ஃபாண்ட் மேனேஜர் என்பதெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு உரியது.

பாளை அச்சுக்கூடம்:
வேலை நிறையவே உள்ளவன் என்பதால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. கோப்பின் பெயர் என்பது வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பெயரைப் போன்றது. இண்டிசைனோ வேர்டோ பார்ப்பது எழுத்துருவுக்குள்ளே பதிந்திருக்கும் பெயரை. ஒரே வகுப்பில் இரண்டு இசக்கிமுத்து இருக்கிறார்கள்; ஒருவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் வருகைப்பதிவேட்டில் பெயர் மாறிவிடுமா?

போன மாதம் எங்கள் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புதிய கணினியில் லதா எழுத்துரு இல்லை. விண்டோஸ் 10 முதல் அது கூடவே வருவதில்லை. விருப்ப அம்சங்களில் Tamil Supplemental Fonts என்பதைச் சேர்த்தால்தான் லதாவும் விஜயாவும் வரும். அதைச் சேர்த்தோம். அது தெரியாத எங்கள் பையன், பழைய எக்ஸ்பி கணினியிலிருந்து எடுத்த லதாவை `latha_old.ttf` என்று பெயரிட்டு, எங்கள் ஃபாண்ட் மேனேஜர் மென்பொருள் கவனிக்கும் கோப்புறையில் போட்டு இயக்கிவிட்டான். மறுநாள் ஒரு திருமண அழைப்பிதழில், "ஶ்ரீ நெல்லையப்பர் துணை" என்ற வரியில் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் நின்றது. 2005-இல்தான் யூனிகோடில் சேர்ந்த ஶ, 2001-இல் வந்த எக்ஸ்பியின் லதாவில் எப்படி இருக்கும்? புதிய லதா அதே கணினியில் இருந்தும், மென்பொருள் பழையதையே எடுத்துக்கொண்டது. கோப்புப் பெயர்கள் இரண்டும் வேறு வேறுதான் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

அம்பை மாணவன்:
அண்ணாச்சி சொல்வது சரிதான். ஆனால் இவ்வளவு நீளமாகப் பேச வேண்டியதில்லை. பவர்ஷெல்லில் கீழ்க்கண்டதை ஓட்டினால் இரட்டைகள் அனைத்தும் வெளியே வந்துவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டால் வேலை முடிந்தது.

```
Get-ChildItem D:\Fonts -Recurse -Include *.ttf,*.otf |
  Get-FileHash | Group-Object Hash |
  Where-Object Count -gt 1
```

பாளை அச்சுக்கூடம்:
தம்பி, பாதி வேலைதான் முடிந்தது. இது கண்டுபிடிப்பது அச்சு அசலாக ஒன்றேபோல் உள்ள கோப்புகளை மட்டுமே. அவை இருந்தால் இடம் வீணாகுமே தவிர, அழைப்பிதழ் கெடாது, ஏனென்றால் எதை எடுத்தாலும் ஒரே எழுத்துதான் வரும். கெடுதல் செய்வது உள்ளே ஒரே பெயரும் வேறு பதிப்பும் கொண்ட கோப்புகள். எங்கள் இரண்டு லதாவையும் இந்தக் கட்டளை வேறு வேறு என்றே சொல்லும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் இருமுறை சொடுக்கித் திறந்து, மேலே காணும் எழுத்துருப் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒப்பிட வேண்டும். எங்கள் இரண்டிலும் பெயர் Latha என்றே இருந்தது, எண் மட்டும் மாறியிருந்தது. 6,000 கோப்புகளுக்கு இதைக் கையால் செய்ய முடியாது என்பதற்காகத்தான், வேலையில்லாதவர்களின் கருவி எனப்பட்ட மேனேஜர் தேவைப்படுகிறது. குடும்பப் பெயர்வாரியாக அடுக்கிக் காட்டினால், ஒரே பெயரின் கீழ் இரண்டு "ரெகுலர்" நிற்பது கண்ணில் பட்டுவிடும்.

தச்சநல்லூர் டிசைனர்:
ஒரே பெயரில் இரண்டாவதை நிறுவப் போனால் விண்டோஸே "ஏற்கெனவே உள்ளது, மாற்றவா?" என்று கேட்கிறதே. கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத பையனை வேலைக்கு வைத்துவிட்டு, என் `_old` மீது பழி போடுகிறீர்கள். எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் கோப்பு அனுப்பக் கூடாது என்று நான் எழுதியபோதும் இப்படித்தான் வரிந்து கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

பாளை அச்சுக்கூடம்:
முறைப்படி நிறுவினால் கேட்கும். நாங்கள் வைத்திருக்கும் மேனேஜர் கோப்பை நிறுவாமல் தற்காலிகமாக இயக்கியது. அப்போது யாரும் எதையும் கேட்கவில்லை. கர்வாக மாற்றிய கோப்பில் மாப்பிள்ளையின் பெயரில் பிழை இருந்து, இரவு பத்து மணிக்கு அதைத் திருத்த வழியின்றி நின்றது நான், நீங்கள் அல்ல.

வள்ளியூர் ஜெராக்ஸ்:
எனக்கும் இதே எழுத்துரு மோதல் பிரச்சினைதான். வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பைத் திறந்தால் "அம்மா" என்பதற்குப் பதிலாக `mk;kh` என்று வருகிறது. எந்த இரட்டையை அழிக்க வேண்டும்?

பாளை அச்சுக்கூடம்:
உங்களுடையது மோதல் அல்ல. அந்தக் கோப்பு பாமினியில் தட்டப்பட்டது, உங்கள் கணினியில் பாமினி இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. எதையும் அழிக்காதீர்கள், பாமினியைச் சேருங்கள்.

மேலப்பாளையம் டிடிபி:
எங்கள் அலுவலகத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவால் தலைவலி வந்தது. பதிவிறக்கிய ஜிப்பில் தடிமன் மாறக்கூடிய ஒரே கோப்பும், `static` என்ற கோப்புறையில் ஒவ்வொரு தடிமனுக்கும் தனித்தனிக் கோப்பும் இருந்தன. நான் எல்லாவற்றையும் நிறுவிவிட்டேன். எழுத்துருப் பட்டியலில் "போல்ட்" இரண்டு முறை வந்தது. இதில் எதை வைத்துக்கொள்வது?

பாளை அச்சுக்கூடம்:
இரண்டில் ஒன்றை மட்டும் வையுங்கள், அக்கா. அச்சுக்குப் போகும் வேலை என்றால் நான் `static` கோப்புகளையே வைப்பேன். தடிமன் மாறும் எழுத்துருவைப் பழைய மென்பொருள்கள் சரியாகக் கையாள்வதில்லை. மேனேஜரில் வேலைக்கு ஒரு தொகுப்பு அமைத்து, அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் இயக்கி, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மேனேஜரில் உள்ளதை விண்டோஸ் எழுத்துருக் கோப்புறையிலும் போட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் இதில் ஒரு பயனும் இல்லை.

அம்பை மாணவன்:
இண்டிசைன் கோப்பின் பக்கத்தில் Document fonts என்ற கோப்புறை இருந்தால், அதில் உள்ள எழுத்துருவைத்தான் அது முதலில் எடுக்கும். பிறகு மேனேஜர் எதற்கு, அண்ணாச்சி?

பாளை அச்சுக்கூடம்:
அந்த ஒரு கோப்புக்கு அது போதும். அந்தக் கோப்புறையில் பழைய லதா உட்கார்ந்திருந்தால் கட்டமும் கூடவே வரும்.

அம்பை மாணவன்:
அப்படியானால் உள்ளே இருக்கும் பெயரையே மாற்றிவிடலாமே? எழுத்துருத் திருத்தி எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

பாளை அச்சுக்கூடம்:
திறந்த உரிமம் உள்ள எழுத்துரு என்றால், அதன் நிபந்தனைப்படி செய்யலாம். லதா மைக்ரோசாஃப்டின் சொத்து. அதில் கை வைக்கும் உரிமை நமக்கு இல்லை. எக்ஸ்பியிலிருந்து அதை எடுத்துப் போட்டதே தவறு என்று பையனிடமும் சொன்னேன்.

தச்சநல்லூர் டிசைனர்:
உரிமம் பற்றிய உபதேசம் எல்லாம் இருக்கட்டும். 12 ஆண்டுகளாக இதே `_old` முறையில் வேலை செய்கிறேன். என் அழைப்பிதழ்களில் ஒரு கட்டம்கூட வந்ததில்லை.

பாளை அச்சுக்கூடம்:
அந்த அழைப்பிதழ்களில் "ஶ்ரீ" என்று எத்தனை முறை அச்சடித்திருக்கிறீர்கள்?

தச்சநல்லூர் டிசைனர்:
எனக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் தேவாலயத் திருமணங்கள்தான். அதற்கும் என் `_old` முறைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

வள்ளியூர் ஜெராக்ஸ்:
பாமினியைச் சேர்த்துவிட்டேன், "அம்மா" வருகிறது. ஆனால் என்னிடம் இப்போது இரண்டு பாமினி இருக்கின்றன. ஒன்றன் பெயரில் `_old` சேர்த்துவிடட்டுமா?