முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறது: நாப்சாக் [0, 0, 0] தருகிறது

துண்டுக்கணக்கு:
600 செ.மீ. குழாய்களை வெட்டி 220 செ.மீ. துண்டு 40, 170 செ.மீ. 60, 130 செ.மீ. 36 எடுக்க வேண்டும். ஒரு குழாயில் ஒரே அளவை மட்டும் வெட்டும் மூன்று பேட்டர்ன்களோடு (2, 3, 4 துண்டுகள்) தொடங்கினேன். மிகக் குறைந்த குழாய் எத்தனை என்று பார்க்கும் நேரியல் திட்டம், அதாவது எல்பி, தரும் விடை 49 குழாய். அடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எல்பி தரும் விலையை `y`-இல் எடுத்து, ஒரு குழாயில் அதிக விலை பெறும் சேர்க்கையைத் தேடும் நாப்சாக் புதுப் பேட்டர்ன் தர வேண்டும். ஒன்றுமே வெட்டாதே என்கிறது!

```python
res = linprog(c, A_ub=-A, b_ub=-d)
y = res.ineqlin.marginals
```

சுழற்சி:
நிறுத்தும் நிபந்தனையைப் பாருங்கள். `> 1` என்று போடாமல் `> 1 + 1e-6` என்று போடுங்கள், சரியாகிவிடும்.

பழைய கை:
அது கடைசியில் தேவைப்படும். இல்லாவிட்டால் 1.0000000002 போன்ற மதிப்பை நம்பி, இருக்கிற பேட்டர்னையே திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கும். ஆனால் இங்கே சிக்கல் வேறு. `y`-ஐ அச்சடித்துப் பார்த்தீர்களா?

துண்டுக்கணக்கு:
-0.5, -0.333, -0.25.

பழைய கை:
அதேதான். `A_ub` "குறைவாக அல்லது சமமாக" என்பதை மட்டுமே ஏற்கும் என்பதால் இரு பக்கமும் -1 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். விலையும் குறி மாறி வருகிறது. எல்லாத் துண்டுக்கும் விலை எதிர்மறை என்றால் நாப்சாக் எதை எடுக்கும்? `y = -res.ineqlin.marginals` என்று மாற்றுங்கள்.

இப்போது 220-க்கு 0.5, 170-க்கு 0.333, 130-க்கு 0.25. 600-க்குள் அதிக விலை பெறுவது 220 இரண்டும் 130 ஒன்றும்: 1.25. ஒரு குழாயின் செலவு 1 என்பதால் இந்தப் பேட்டர்ன் லாபம். அதைச் சேர்த்தால் 49 என்பது 44 ஆகும்.

துண்டுக்கணக்கு:
ஓடிவிட்டது! (2,0,1), பிறகு (0,2,2), பிறகு (1,2,0) வந்தன. விலைகள் 0.4, 0.3, 0.2 ஆனதும் நாப்சாக்கின் உச்சம் சரியாக 1, அங்கே நின்றது. விடை 41.2. அவை முறையே 11.2, 12.4, 17.6 குழாய். மேல்நோக்கி முழுமையாக்கினால் 43.

பழைய கை:
41.2-க்குக் கீழே போக முடியாது, எனவே 42 குறைந்தபட்சம். 11, 13, 18 போட்டுப் பாருங்கள்: 220 துண்டு 40, 170 துண்டு 62, 130 துண்டு 37. மொத்தம் 42, போதும். கிடைத்த பேட்டர்ன்களை வைத்தே இப்படி எப்போதும் அமையும் என்று மட்டும் நினைக்காதீர்கள். விலை கொடுத்து வந்த பேட்டர்ன்கள் பின்ன விடைக்கானவை.

பட்டறைக்காரன்:
ஒரு சந்தேகம். எங்கள் பட்டறையில் கட்டிங் வீல் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்றுவிடும். (0,2,2) அப்படியே 600 ஆகிறதே, அதை எப்படி வெட்டுவீர்கள்?

பழைய கை:
நல்ல பிடி. குழாயோடும் ஒவ்வொரு துண்டோடும் 3 மி.மீ. கூட்டி, மில்லிமீட்டரிலேயே நாப்சாக் போடுங்கள்: 6003-க்குள் 2203, 1703, 1303. (0,2,2) 6012 ஆகிவிடுவதால் அடிபட்டுவிடும்.

துண்டுக்கணக்கு:
அப்போ என் 42 போச்சா? மறுபடி ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.