கலைச்சொல்: முழு எண்ணைப் பதின்ம இலக்கங்களாக எழுதிக் காட்டும் வேலைக்கு என்ன பெயர்?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். அசெம்பிளி பாடக் குறிப்புகளில் அடுத்த பகுதிக்கு வந்துவிட்டேன். `rax`-இல் ஒரு முழு எண் இருக்கிறது. அதைத் திரையில் காட்ட வேண்டும். சி மொழியில் `printf` பார்த்துக்கொள்ளும், இங்கே நாமே எழுத வேண்டும். பத்தால் வகுக்க வேண்டும், மீதியை எடுத்து வைக்க வேண்டும், ஈவை மறுபடியும் பத்தால் வகுக்க வேண்டும். வருகிற இலக்கங்கள் தலைகீழாக இருக்கும், திருப்பிப் போட வேண்டும். இந்த முழு வேலைக்கும் ஒரே தமிழ்ப் பெயர் தேவை. பாடத் தலைப்பிலும் வரும், நிரலில் லேபிளுக்கு மேலே எழுதும் குறிப்பிலும் வரும் என்பதால் சின்னதாக இருந்தால் நல்லது. "எண் எழுத்தாக்கம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியாகப் படுகிறதா?

பிரபு:

இது இரும எண்ணைப் பதின்ம எண்ணாக மாற்றுவதுதானே. "பதின்ம மாற்றம்" என்றாலே போதும். முறையையும் பெயரில் கொண்டுவர வேண்டுமென்றால் "தொடர் வகுத்தல்". நான் கல்லூரியில் செய்தபோது மீதி 0 ஆகும் வரை வகுத்து, ஒவ்வொரு மீதியையும் `push` செய்து, பிறகு `pop` செய்து அச்சிட்டோம். ஸ்டேக் இல்லாமல் இதைச் செய்ய முடியாது, அதனால் பெயரில் "அடுக்கு" வந்தாலும் பொருத்தம்தான்.

சுந்தரம்:

பிரபு, ஸ்டேக் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் "மீதி 0 ஆகும் வரை" என்பதைப் பார்ப்போம். 4070-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பத்தால் வகுத்தால் ஈவு 407, மீதி 0. நீங்கள் சொன்னபடி பார்த்தால் முதல் சுற்றிலேயே வேலை முடிந்தது, திரையில் வெறும் 0. நிறுத்த வேண்டியது ஈவு 0 ஆகும்போது. 407-ஐ வகுத்தால் 40, மீதி 7. 40-ஐ வகுத்தால் 4, மீதி 0. 4-ஐ வகுத்தால் 0, மீதி 4. இப்போதுதான் நிற்க வேண்டும். கிடைத்த வரிசை 0, 7, 0, 4. நாலு மீதிகளில் இரண்டு சுழி, இரண்டுமே எண்ணின் பகுதி. அந்தச் சோதனையும் வகுத்த பிறகுதான் வர வேண்டும். முன்னாலேயே "எண் 0 தானா" என்று பார்த்துவிட்டு வெளியேறினால், 0 என்ற எண்ணுக்கு ஒன்றுமே அச்சாகாது.

"மாற்றம்" என்ற சொல்லிலும் எனக்கு ஒரு தயக்கம். `rax`-இல் இருக்கும் அளவு மாறவில்லை. நாலாயிரத்து எழுபது எப்போதும் நாலாயிரத்து எழுபதுதான். நாம் செய்வது அதை நான்கு பைட்டுகளாக, 34 30 37 30 என்ற பதினறும மதிப்புகளாக, நினைவகத்தில் எழுதுவது. 7 என்ற மீதியும் '7' என்ற குறியீடும் ஒன்றல்ல, இடையில் 48 கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்ட மறந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. சில வேளை டெர்மினல் "பீப்" என்று ஒலிக்கும், ஏனென்றால் மதிப்பு 7 என்பது மணிக்கான குறி.

"தொடர் வகுத்தல்" வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. சி-யில் `x / 10` என்று எழுதி, மேம்படுத்தலோடு தொகுத்து, வரும் அசெம்பிளியைப் பாருங்கள். `div` இருக்காது. 32-பிட் குறியற்ற எண்ணாக இருந்தால் 3435973837 ஆல் பெருக்கி 35 பிட் வலப்பக்கம் நகர்த்தியிருக்கும். விடை அதே ஈவுதான், `div`-ஐ விடப் பெருக்கல் வேகம். மீதியை அந்த ஈவிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். அப்போது வகுத்தலே இல்லாத நிரலுக்கு "தொடர் வகுத்தல்" என்று பெயர் வைத்தவர்கள் ஆவோம்.

ரிஷானி:

கயல், "எழுத்தாக்கம்" என்று பார்த்ததும் எனக்கு வங்கிக் காசோலைதான் ஞாபகம் வந்தது. அதில் தொகையை "எண்ணால்" ஓரிடத்தில், "எழுத்தால்" ஓரிடத்தில் எழுத வேண்டும் அல்லவா? எழுத்தால் என்றால் நாலாயிரத்து எழுபது ரூபாய் மட்டும். உங்கள் பாடத்தைத் திறக்கும் மாணவர் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இலக்கம் என்றால் பெரும்பாலும் எண் முழுவதும்தான். வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அப்படி. ஒற்றை இலக்கத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கூடுதலாக விளக்க வேண்டியிருக்கும்.

அருண்:

அக்கா, இந்த இழை என் பிரச்சினையைப் பற்றித்தானா? என் நிரலில் 7 கொடுத்தால் 7 என்று அழகாக வருகிறது. 12 கொடுத்தால் `Floating point exception` என்று சொல்லி நின்றுவிடுகிறது. நான் புள்ளி வைத்த எண் எதையும் பயன்படுத்தவே இல்லை. ரெஜிஸ்டர் எல்லாம் முழு எண். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைத்தால் புரியும்?

சுந்தரம்:

தம்பி, இழை பெயரைப் பற்றியது. ஆனாலும் உங்கள் கேள்வி இங்கே பொருந்தும். சுழற்சிக்குள் `rdx`-ஐ 0 ஆக்கும் `xor edx, edx` இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது என்று நினைக்கிறேன்.

`div rcx` வெறும் `rax`-ஐ வகுப்பதில்லை. `rdx`, `rax` இரண்டையும் சேர்த்து 128-பிட் எண்ணாக எடுத்துக்கொள்கிறது, `rdx` மேல்பாதி. வகுத்த பின் ஈவு `rax`-இல், மீதி `rdx`-இல். முதல் சுற்றில் `rdx` தற்செயலாக 0, அதனால் 7 தப்பித்தது. 12-க்கு முதல் மீதி 2. அதோடு '0' கூட்டி 50 ஆக்கி `dl`-இல் அப்படியே விட்டிருப்பீர்கள். இரண்டாம் சுற்றில் மேல்பாதி 50. வகுக்கும் எண் 10. மேல்பாதி வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் ஈவு 64 பிட்டில் அடங்காது. செயலி வகுத்தல் பிழை எழுப்பும், லினக்ஸ் அதை SIGFPE என்று அனுப்பும். பெயரில்தான் மிதவைப்புள்ளி இருக்கிறது, நடந்தது முழு எண் வகுத்தல்.

இதைவிட மோசமான வகை ஒன்றும் உண்டு. '0'-வை வேறு ரெஜிஸ்டரில் வைத்துக் கூட்டியிருந்தால் `rdx`-இல் வெறும் மீதி, 2, இருக்கும். அது 10-ஐ விடச் சிறியது, எனவே பிழையே எழாது. ஏதோ ஒரு பிரம்மாண்ட ஈவு வரும், சுழற்சி நிற்காமல் ஓடி, பஃபரின் தொடக்கத்தைத் தாண்டிப் பின்னோக்கி எழுதிக்கொண்டே போகும். உங்களுக்கு உடனே நின்றது நல்லதுதான். ஓரிலக்க எண்ணை மட்டும் வைத்துச் சோதித்தால் இரண்டு வகையும் கண்ணில் படாது.

கயல், பாடத்தில் போடுவதற்கு:

```
    lea  rdi, [rel buf + 20]
    mov  ecx, 10
.next:
    xor  edx, edx
    div  rcx
    add  dl, '0'
    dec  rdi
    mov  [rdi], dl
    test rax, rax
    jnz  .next
```

`buf` 20 பைட். 64-பிட் குறியற்ற எண்ணில் மிகப் பெரியது 18446744073709551615, அதற்கு 20 இலக்கம், அதனால்தான் அந்த அளவு. கடைசி இலக்கம் முதலில் கிடைக்கிறது, ஆகவே பஃபரின் கடைசி இடத்தில் முதலில் வைக்கிறோம். சுழற்சி முடியும்போது `rdi` முதல் இலக்கத்தைக் காட்டும். நீளம் வேண்டுமென்றால் `buf + 20`-இலிருந்து `rdi`-ஐக் கழிக்க வேண்டும். திருப்பிப் போடும் வேலையே இல்லை, ஸ்டேக்கும் இல்லை. `push`, `pop` வழி தவறல்ல. ஆனால் 64-பிட் முறையில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் 8 பைட் செலவாகும், எத்தனை தள்ளினோம் என்றும் எண்ணி வைக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்று பிசகினால் `ret` தவறான முகவரிக்குப் போகும்.

பிரபு:

ஈவு என்பது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாடத்தில் ஸ்டேக் வழியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன். கடைசியாகப் போனது முதலில் வரும் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்கும் இடம் இது. பின்னிருந்து நிரப்பும் வழி கெட்டிக்காரத்தனம், ஆனால் ஏன் அப்படி என்று பார்த்த உடனே தெரியாது.

நாச்சியப்பன்:

ஒரு வாரமாக இதே நிரலோடுதான் மல்லுக்கட்டுகிறேன், ஆனால் எனக்கு வேண்டியது தமிழ் எண்கள். 4070-ஐ ௪௦௭௦ என்று காட்ட வேண்டும். '0'-க்குப் பதிலாகத் தமிழ்ச் சுழியின் குறியெண்ணைக் கூட்டினால் போதும் என்று நினைத்தேன். ஒவ்வொரு இலக்கத்தையும் யூடிஎஃப்-8 பைட்டுகளாகப் பஃபரில் வரிசையாக எழுதி, கடைசியில் முழுவதையும் பைட் பைட்டாகத் திருப்பினேன். திரையில் கேள்விக்குறிப் பெட்டிகளும் ஏதேதோ எழுத்துகளும்தான். ஆங்கில இலக்கத்துக்கு அதே நிரல் ஒழுங்காக வேலை செய்கிறது.

சுந்தரம்:

தமிழ்ச் சுழி U+0BE6. யூடிஎஃப்-8-இல் அது மூன்று பைட்: E0 AF A6. நீங்கள் பைட்டுகளைத் திருப்பியதால் ஒவ்வொரு இலக்கமும் A6 AF E0 என்று உள்ளுக்குள்ளேயே தலைகீழாகிவிட்டது. A6-இல் எந்த எழுத்தும் தொடங்க முடியாது, அதனால்தான் பெட்டி. இடையில் வரும் E0 அடுத்த இலக்கத்தின் பைட்டுகளோடு சேர்ந்து வேறு எழுத்தாகிவிடுகிறது. ஆஸ்கி இலக்கம் ஒரே பைட் என்பதால் அங்கே இது தெரியவில்லை.

பின்னிருந்து நிரப்பினால் இந்தத் தொல்லை வராது. ௦ முதல் ௯ வரை கடைசி பைட் மட்டும்தான் மாறுகிறது, A6 முதல் AF வரை. எனவே `add`, `dec`, `mov` மூன்றின் இடத்தில் இது:

```
    add  dl, 0xA6
    sub  rdi, 3
    mov  word [rdi], 0xAFE0
    mov  [rdi+2], dl
```

பஃபர் 60 பைட், மேலே `lea`-விலும் 60. `0xAFE0` என்று எழுதினாலும் நினைவகத்தில் E0 முதலில் போகும், x86 அப்படித்தான் வைக்கும். ஆனால் பழைய முறையில் ௪௲௭௰ என்று வேண்டுமென்றால் இது உதவாது. அங்கே ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தனிக் குறி உண்டு, சுழிக்கு இடமில்லை. எத்தனையாவது சுற்று என்று பார்த்து, மீதி 0 என்றால் தாண்டிப் போக வேண்டும். அது வேறு நிரல்.

கயல்விழி:

பெயருக்கு வருவோம். "எழுத்தாக்கம்" போய்விட்டது, காசோலை அதைக் கொன்றுவிட்டது. "மாற்றம்", "வகுத்தல்" இரண்டும் வேண்டாம். பெயரில் "தலைகீழ்" வேண்டாம் என்பதும் இப்போது புரிகிறது, சுந்தரம் ஐயாவின் நிரலில் தலைகீழாக்கவே இல்லை. ஸ்டிரிங்குக்குச் சரம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். பூவைச் சரமாகத் தொடுப்பதுபோல இலக்கத்தைத் தொடுக்கிறோம். "இலக்கம் தொடுத்தல்", பெயராக வேண்டுமிடத்தில் "இலக்கத்தொடுப்பு". எந்தப் பக்கத்திலிருந்து தொடுக்கிறோம் என்பதை அது சொல்வதில்லை, எனவே பிரபுவின் ஸ்டேக் வழிக்கும் பொருந்தும்.

ரிஷானி:

தொடுத்தல் பிடித்திருக்கிறது. முன்பகுதிதான் எனக்கு இடறுகிறது. "எண்ணுருத் தொடுப்பு" என்று வைத்தால் இரண்டு கரையிலும் ஒன்றாகப் புரியும். நாச்சியப்பன் அண்ணா சொன்ன ௪ கூட எண்ணுருதான், ஆஸ்கி 4 கூட எண்ணுருதான்.

சுந்தரம்:

எண்ணுரு என்றால் சிலர் 4070 முழுவதையும் ஒரே எண்ணுரு என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் எனக்கு இன்னும் "இலக்கம்" பக்கம்தான் சாய்வு. ஆனால் ரிஷானி சொல்வதையும் தள்ள முடியவில்லை.

பிரபு:

தொடுத்தல் சரி. ஆனால் மீதியை எடுக்கும் அந்த ஒற்றை அடிக்குத் தனிப் பெயர் வேண்டாமா? "இலக்கம் பிரித்தல்" என்று அதற்கு வைத்து, முழுதுக்குத் தொடுத்தல் என்று வைக்கலாம். நாச்சியப்பனுக்குப் பிரிப்பது அதேதான், தொடுப்பதுதான் வேறு.

கயல்விழி:

பிரித்தலை எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் இப்போதைக்கு "இலக்கத்தொடுப்பு" போட்டு, முதல் பத்தியிலேயே எண்ணுரு என்றும் எழுதிவிடுகிறேன். இலங்கைப் பதிப்புக்கு ரிஷானி வேறு தலைப்பு வைத்தால் எனக்கு மறுப்பில்லை. ஸ்டேக் வழி முதலா பின்னிருந்து நிரப்புவது முதலா என்பது முடிவாகவில்லை. அருண், `xor` போட்டபின் 12, 4070, 0 மூன்றையும் கொடுத்துப் பார்த்து எழுதுங்கள்.

அருண்:

12 வருகிறது. 4070 வருகிறது. 0-வுக்கு ஒன்றுமே வரவில்லை. `test`-ஐ `div`-க்கு மேலே வைத்திருக்கிறேன் அக்கா, கீழே நகர்த்துகிறேன்.