அடி தட்டையாகிப்போன பரவளையம்: உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டதுண்டா?

வேலந்தாவளம் டியூஷன் அக்கா
போன வாரத்திலிருந்து மனசு உறுத்துகிறது. பத்தாவது படிக்கும் பெண். வீடு கேரளப் பக்கம், பள்ளிக்கூடம் தமிழ்நாட்டுப் பக்கம். y = x² − x − 6 வரைந்தாள். அட்டவணையில் தப்பே இல்லை. x = 0 என்றாலும் 1 என்றாலும் y = −6 வருகிறதா, அந்த இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்து இணைத்துவிட்டாள். "அக்கா, முனை இதா, அதா?" என்று கேட்டபோது பென்சில் இரண்டுக்கும் நடுவில் நின்றது. விடையே அந்த இடம்தான். நான் அதைப் பார்க்காமல், "சூத்திரம் போடு" என்று சொல்லிவிட்டேன். வளைவு x அச்சை வெட்டுவது −2, 3 இல். நடுவில் 0.5, அதுதான் சமச்சீர் அச்சு. அங்கே y = −6.25. கால் அலகு கீழே இறங்கியிருக்க வேண்டிய அடியை அவள் தட்டையாக்கிவிட்டாள்.

நகரி அப்பா
மூலங்களுக்கு நடுவில்தானே அச்சு? அப்படியானால் மூலம் இல்லாத வளைவுக்கு அச்சும் கிடையாது. என் பையனுக்கு y = x² + 2x + 5 வந்தது. வளைவு x அச்சைத் தொடவே இல்லை. "மெய் மூலம் இல்லைன்னு எழுதிட்டு விட்டுடு" என்றேன்.

பழைய கணக்கு வாத்தியார்
நகரிக்காரரே, முதல் பாதி சரி, இரண்டாவது தப்பு. x = −2, x = 0 இரண்டிலும் y = 5. ஒரே உயரத்தில் எந்த இரண்டு புள்ளி கிடைத்தாலும் அவற்றின் நடுவில்தான் அச்சு போகும். இங்கே அது x = −1, முனை (−1, 4). தாளை அந்தக் கோட்டில் மடித்தால் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

டியூஷன் அம்மாவுக்கு ஒன்று. y அச்சில் 1 செ.மீ.க்கு 2 அலகு எடுத்திருந்தால் அந்தக் கால் அலகு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம்தான் கூட. பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. அட்டவணையில் அடிமட்ட மதிப்பு அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் நடுவில் ஒரு கட்டம் சேர்த்து அந்த இரண்டு x-க்கும் நடு மதிப்பைப் போடச் சொல்லுங்கள், இங்கே 0.5. ஸ்கேலை வாங்கி வைத்துவிடுங்கள், வளைவு கையால்தான் வர வேண்டும். மூலம் முழு எண்ணாக இல்லாவிட்டாலும் அச்சை வைத்தே சரிபார்க்கலாம். y = x² − 2x − 2 இல் படத்தைப் பார்த்து 2.7, −0.7 என்று படிக்கிறோம். அச்சு x = 1. இரண்டும் அதிலிருந்து 1.7 தூரம். ஒரு பக்கம் 1.7, மறுபக்கம் 1.5 என்று வந்தால் வளைவு கோணலாகிவிட்டது என்று அர்த்தம்.

சித்தூர் தாலுகா
சார், எனக்குச் சமன்பாடே தரவில்லை, அச்சடித்த படம் மட்டும்தான். முனை x அச்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. தொட்டால் ஒரே மூலம், துளி இறங்கினால் இரண்டு. கோடே அரை மில்லிமீட்டர் தடிமன். நான் ஒன்று என்று எழுதினேன், பக்கத்துப் பையன் இரண்டு.

பழைய கணக்கு வாத்தியார்
y = x² − 5x + 6 கூட அப்படித்தான் ஏமாற்றும், அதன் முனை −0.25 தான். சமன்பாடு இல்லாமல் அந்தப் படத்தை வைத்து நானும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

வேலந்தாவளம் டியூஷன் அக்கா
நாளைக்கு அந்தப் பெண் வருவாள். அதே தாளை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பென்சிலை முன்பு பிடித்த இடத்திலேயே பிடிக்கச் சொல்லப்போகிறேன்.