பிராக்கெட் ஆர்டர் போட்டும் கேப்பில் மாட்டிக்கொண்டேன், உங்கள் அனுபவம் என்ன?

அந்திமழை
போன வாரம் நடந்தது. 200 பங்குகளை 100-க்கு வாங்கினேன். வாங்கும்போதே பிராக்கெட்டில் டார்கெட் 112, ஸ்டாப் ட்ரிக்கர் 95, லிமிட் 94 என்று வைத்துவிட்டேன். எவ்வளவு மோசமாகப் போனாலும் பங்குக்கு 6, மொத்தம் 1,200-தான் போகும் என்று நம்பித் தூங்கப் போனேன். இரவில் காலாண்டு முடிவு வந்தது, காலையில் நடுவில் எந்த விலையிலும் நிற்காமல் கேப் விட்டு 87-ல் திறந்தது.

ஆர்டர் பக்கத்தில் ஸ்டாப் ட்ரிக்கர் ஆகிவிட்டது என்றிருக்கிறது, ஆனால் 200 பங்கும் அப்படியே என் கையில். 94-க்கு விற்கும் ஆர்டர் மட்டும் நிற்கிறது, டார்கெட் ஆர்டர் ரத்து. ஸ்டாப் வேலை செய்கிறது என்று நினைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். 89 வரை வந்து திரும்பியது. கடைசியில் லிமிட்டை ரத்து செய்துவிட்டு 84-ல் கையால் விற்றேன். 3,200 நஷ்டம். ஏன் இப்படி?

நெடுவழி
ட்ரிக்கர் ஆவது வேறு, விற்பது வேறு. விலை 95-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உங்கள் லிமிட் ஆர்டர் சந்தைக்குள் போகும், அவ்வளவுதான். அது "94-க்குக் கீழே விற்காதே" என்ற கட்டளை. 87-க்குக் கிடைக்கும் பங்கை யார் 94 கொடுத்து வாங்குவார்கள்? ட்ரிக்கர் ஆனதும் கிடைத்த விலைக்கு விற்கும் ஸ்டாப் மார்க்கெட்டாக இருந்திருந்தால் 87-ஐ ஒட்டி விற்று, 2,600 அளவில் நஷ்டம் முடிந்திருக்கும்.

இன்னொன்று, டார்கெட்டும் ஸ்டாப்பும் ஒன்று நடந்தால் மற்றது ரத்தாகும் ஓசிஓ ஜோடி, அதில் உங்கள் புரோக்கர் ஒரு பக்கம் ட்ரிக்கர் ஆனதுமே மறுபக்கத்தை ரத்து செய்கிறார் போலிருக்கிறது. சில இடங்களில் ஒரு பக்கம் விற்று முடிந்த பிறகுதான் மற்றது ரத்தாகும். உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இப்படி மாட்டிய பிறகு விலை மேலே பறந்தாலும் 112-ல் விற்க அங்கே எதுவும் இருக்காது, 94-லேயே போய்விடும்.

புல்வெளி
அப்போ ஸ்டாப் மார்க்கெட் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. 95 என்று வைத்தால் 95-க்கே போய்விடும், நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நெடுவழி
விலை ஒவ்வொரு படியாக இறங்கும்போது அப்படித்தான் போகும், நீங்கள் பார்த்தது அதுதான். கேப்பில் 95 என்ற விலையில் வியாபாரமே நடக்கவில்லையே. முதலில் கிடைக்கும் விலைக்குத்தான் போகும்.

கார்முகில்
எனக்கு நுழைவிலேயே அடி. 102 தாண்டினால் வாங்கு என்று பை ஸ்டாப், ஸ்டாப் லாஸ் 98, டார்கெட் 108. மறுநாள் 109-ல் திறந்தது. 109-க்கு வாங்கியது, வாங்கிய கையோடு 108 டார்கெட் உயிர் பெற்றது. சந்தை விலை அதற்கு மேலே இருந்ததால் அடுத்த நொடியே 108.80-க்கு விற்றுவிட்டது. நான் சொன்ன திசையிலேயே பங்கு போயும் நஷ்டம், அதோடு இரண்டு பக்கக் கட்டணம்.

நெடுவழி
அங்கேதான் லிமிட் உதவும். நுழைவை ட்ரிக்கர் 102, லிமிட் 103 என்று வைத்திருந்தால் 109-ல் வாங்கியே இருக்காது. வாய்ப்பு போகும், பணம் போகாது. வெளியேறும்போது அதே லிமிட் உங்களை உள்ளே பூட்டிவிடும், அந்திமழைக்கு நடந்ததுபோல. சில மென்பொருள்களில் டார்கெட்டையும் ஸ்டாப்பையும் வாங்கிய விலையிலிருந்து இத்தனை தூரம் என்று கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் 109-க்கு வாங்கினால் டார்கெட்டும் மேலே நகரும், ஸ்டாப்பும் நகரும்.

சாரல்
நான் மாட்டியதும் கேப்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாலையில் இருந்த ஸ்டாப்பும் டார்கெட்டும் காலையில் இரண்டுமே காணோம், பங்கு மட்டும் இருந்தது. ஓசிஓ தப்பாக ரத்து செய்துவிட்டதா?

நெடுவழி
ஆர்டரின் காலாவதி `DAY` என்று இருந்ததா என்று பாருங்கள். சந்தை மூடியதும் அது தானாக விழுந்துவிடும். ராத்திரி தாண்ட வேண்டுமானால் இரண்டு பக்கமும் நாமே ரத்து செய்யும்வரை நிற்கும் `GTC` ஆக இருக்க வேண்டும்.

சாரல்
பார்த்தேன், `DAY` தான்.

கார்முகில்
முடிவு வரும் நாளில் நான் ஸ்டாப் தூரத்தை வைத்து அளவு போடுவதில்லை. 15 புள்ளி கேப் வந்தால் தாங்குவேனா என்று கேட்கிறேன். 1,200 தான் தாங்கும் என்றால் 80 பங்கு, 200 இல்லை.

அந்திமழை
அது சரியாகப் படுகிறது. ஆனால் என் பங்கில் வியாபாரம் மெல்லியது, காலையில் வாங்கும் பக்கம் 87-ல் 40 பங்கு, அடுத்தது 83-ல்தான். மார்க்கெட் ஸ்டாப் இருந்திருந்தால் மீதி 160 எங்கே போயிருக்கும்?

நெடுவழி
83-லோ அதற்கும் கீழேயோ. மெல்லிய பங்கில் நான் லிமிட்டை ட்ரிக்கரிலிருந்து ரொம்பத் தள்ளி, 95-க்கு 85 என்று வைப்பேன். அப்படி வைத்தும் ஒருமுறை பாதி விற்று பாதி நின்றது, அதனால் இதையே செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.